கடைசி டியூ கட்டியாச்சு, ஆர்சியில் இருக்கும் வங்கிப் பெயரை எப்படி எடுப்பது?

வண்டிக் கடனின் கடைசித் தவணை கட்டியதும் கடன் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் ஆர்சியில் ஏறியிருக்கும் வங்கிப் பெயர் தானாக இறங்காது. பெரும்பாலும் உரிமையாளர்தான் விண்ணப்பம் போட்டு ஆர்டிஓ பதிவிலிருந்து அதை எடுக்க வேண்டும். ஆர்டிஓ ஆபீஸ் வட்டாரத்தில் இதை ‘எச்பி கேன்சல்’ என்பார்கள். இணையதளத்தில் Hypothecation Termination என்றோ HPT என்றோ இருக்கும்.

அப்படியே விட்டுவிட்டால் அன்றாடம் வண்டி ஓட்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை. விற்கப் போகும்போதுதான் மாட்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் கடன் குறிப்பு இருக்கும்வரை, கடன் கொடுத்தவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. ஏழெட்டு வருடம் கழித்து அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் போனால் கிளை இடம் மாறியிருக்கும், சின்ன பைனான்ஸ் கம்பெனி என்றால் கடையையே மூடியிருக்கும். அதனால் டியூ முடிந்த சூட்டோடு இதையும் முடித்துவிடுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பதிவான ஒரு கார். 2020 ஜனவரியில் அலகாபாத் வங்கியில் எடுத்த 60 மாதக் கடன். அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. ஆர்சியில் மட்டும் இன்னும் அலகாபாத் வங்கி என்றே இருக்கிறது. கொஞ்சம் சிக்கலான கேஸ்தான், ஆனாலும் எங்கெங்கே இடிக்கும் என்பது இதில் நன்றாகத் தெரியும்.

படி 1: கணக்கு உண்மையிலேயே முடிந்ததா என்று பாருங்கள்

கடைசி டியூ போய்விட்டது என்பதும் கடன் கணக்கு மூடப்பட்டது என்பதும் ஒன்றல்ல. வங்கியில் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மெண்ட் கேட்டு வாங்குங்கள். நடுவில் எப்போதோ ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் டியூ பவுன்ஸ் ஆகியிருந்தால், அதற்கான கட்டணம் 500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590 ரூபாய் அங்கே நிலுவையாக நிற்கலாம். அடுத்த மாதமே டியூவைக் கட்டியிருப்பீர்கள், இந்தக் கட்டணத்தை யாரும் நினைவூட்டியிருக்க மாட்டார்கள். அந்தச் சில்லறை தீராதவரை கணக்கு மூடாது, கணக்கு மூடாமல் வங்கியின் தடையில்லாச் சான்றான என்ஓசி வராது.

அதே வங்கியில் உங்களுக்கு வேறு கடன் ஓடிக்கொண்டிருந்தாலோ, இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தாலோ, அதைக் காட்டி என்ஓசியை நிறுத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் சொன்னால் கடன் ஒப்பந்தத்தில் அதற்கான பிரிவு எது என்று எழுத்தில் கேளுங்கள்.

டியூவுக்காகக் கொடுத்த ஆட்டோ டெபிட் உத்தரவைக் கடைசித் தவணை பாஸ் ஆகும்வரை தொடாதீர்கள். முன்கூட்டி ரத்து செய்தால் அதுவே ஒரு பவுன்ஸாகப் பதிவாகும். கணக்கு மூடிய பிறகு ரத்தாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வங்கியிடம் வாங்க வேண்டிய தாள்கள்

கடன் முடிந்ததற்கான கடிதம், ஆர்டிஓவுக்கு என்ஓசி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்ஓசி, கடன் ஒப்பந்தம் முடிந்ததை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் படிவம் 35 வங்கி கையெழுத்தும் முத்திரையும் போட்டு இரண்டு பிரதி. இவ்வளவுதான். பல வங்கிகள் இவற்றை உங்கள் முகவரிக்குத் தபாலில் அனுப்பும். வீடு மாறியிருந்தால் கடைசி டியூவுக்கு முன்பே கடன் கணக்கில் முகவரியை மாற்றிவிடுங்கள்.

தாள்கள் கைக்கு வந்ததும் ஆர்சியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் நிறைய இங்கேதான் கோட்டை விடுகின்றன. வண்டி எண், என்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். இப்போதைய வண்டிகளின் சேஸிஸ் எண் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களோடு குழம்பும் என்பதால் விலக்கிவிட்டார்கள். என்ஓசியில் சேஸிஸ் எண்ணுக்குள் ‘ஓ’ எழுத்து தெரிந்தால் அது பூஜ்யத்துக்குப் பதிலாக யாரோ தட்டிய தவறு. கையால் திருத்தாமல் வங்கியிலேயே மாற்றி வாங்குங்கள். பெயரில் இனிஷியல் ஆர்சியில் இருப்பதுபோல் இருக்கிறதா, எந்த ஆர்டிஓ பெயருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கடன் எடுத்த பிறகு வண்டியை வேறு ஊர் ஆர்டிஓவுக்கு மாற்றியிருந்தால், வங்கிக் கோப்பில் பழைய அலுவலகம்தான் இருக்கும்.

அடுத்து வங்கியின் பெயர். நம் உதாரணத்தில் என்ஓசி கொடுப்பது இந்தியன் வங்கி, ஆர்சியில் இருப்பது அலகாபாத் வங்கி. கவுண்ட்டரில் இருப்பவர் இரண்டு தாளையும் பார்த்து ‘கடன் கொடுத்தது ஒருத்தர், என்ஓசி கொடுத்தது இன்னொருத்தரா?’ என்று நிறுத்துவார், அவர் வேலையே அது. எனவே என்ஓசியிலேயே ‘முன்னாள் அலகாபாத் வங்கி, தற்போது இந்தியன் வங்கி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இணைப்பைக் குறிப்பிடும் ஒரு கடிதமும் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொண்டால் நல்லது. சிண்டிகேட் வங்கிக் கடன் என்றால் கனரா வங்கியும், ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி என்றால் யூனியன் வங்கியும் இதையே செய்ய வேண்டும்.

படிவம் 35இல் வாடகைக் கொள்முதல், குத்தகை, அடமானம் என்று மூன்று வகை ஒப்பந்தமும் அச்சிட்டிருக்கும். வங்கிக் கடனுக்கு அடமானத்தை, அதாவது ஹைபோதிகேஷனை, மட்டும் விட்டு மற்ற இரண்டையும் அடிக்க வேண்டும். வங்கி கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி எண் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போட வேண்டிய கையெழுத்து உரிமையாளர் என்ற இடத்தில்.

என்ஓசிக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் 90 நாள் என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். பீரோவில் வைத்து மறந்துவிட்டால் மறுபடி வங்கிக்குப் போய்ப் புதுத் தேதியில் வாங்க வேண்டும்.

வங்கி இழுத்தடித்தால்? சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும், வங்கியால் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாள் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம்.

படி 3: இணையத்தில் விண்ணப்பம்

parivahan.gov.in தளத்தில் Online Services பகுதியில் Vehicle Related Services என்பதைத் தேர்ந்து, மாநிலமாகத் தமிழ்நாட்டைக் கொடுங்கள். வண்டி எண்ணைப் போட்டு உள்ளே போனால் சேவைகளின் பட்டியலில் Hypothecation Termination இருக்கும். சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும், பிறகு ஆர்டிஓ பதிவில் உள்ள செல்போனுக்கு ஓடிபி வரும். வண்டி எடுத்தபோது ஷோரூம்காரர் தன் எண்ணைக் கொடுத்து முடித்திருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அதே தளத்தில் செல்போன் எண்ணை மாற்றிவிட்டு வந்து தொடருங்கள்.

திரையில் வரும் கடன் விவரத்தை நிதானமாகப் படியுங்கள். ஆர்சி அட்டையில் இருக்கும் வங்கிப் பெயரும் கணினியில் இருக்கும் பெயரும் வேறுபட்டால் மேலே போகாமல் அதை ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தாலோ, இ-செலான் அபராதம் கட்டாமல் இருந்தாலோ இங்கே விண்ணப்பம் நின்றுவிடக்கூடும். இரண்டையும் முன்னாடியே சரிசெய்துவிடுங்கள்.

கட்டணம் எவ்வளவு என்று திரையே காட்டும். பணம் கணக்கிலிருந்து போய், ரசீது வராமல் பக்கம் நின்றுவிட்டால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். சிறிது நேரம் விட்டு, விண்ணப்ப எண்ணை வைத்து அந்தப் பரிவர்த்தனை என்ன ஆனது என்று அதே தளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் ரசீதையும் விண்ணப்பத்தையும் பிரிண்ட் எடுங்கள்.

சில வங்கிகள் என்ஓசியைத் தாளில் தராமல் நேராகப் போக்குவரத்துத் துறையின் வாகன் கணினிக்கே அனுப்பிவிடுகின்றன. உங்கள் வங்கி அப்படியா என்று படி 2இலேயே கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

படி 4: ஆர்டிஓ அலுவலகத்தில்

விண்ணப்பம், ரசீது, படிவம் 35, என்ஓசி, அசல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், முகவரிச் சான்று ஆகியவற்றை இந்த வரிசையிலேயே அடுக்கிக் கொடுத்தால் சரிபார்ப்பவருக்கு வேலை சுலபம். ஒப்படைக்கும் முன் என்ஓசியையும் படிவம் 35ஐயும் ஸ்கேன் செய்து வையுங்கள். அசல் ஆர்சி தொலைந்திருந்தால் போலீஸ் சான்றோடு படிவம் 26இல் நகல் ஆர்சிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்திலும் கடன் கொடுத்தவர் சம்மதம் கேட்கும் இடம் இருக்கிறது, ஆகவே வங்கிக்குப் போகும்போதே அதிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 5: புது ஆர்சி வந்த பிறகு

அட்டையில் வங்கிப் பெயர் இல்லை என்பதோடு நிற்காமல், எம்பரிவாகன் செயலியிலும் வண்டி விவரத்தைத் திறந்து பாருங்கள். வண்டி வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கடைசியாக இன்சூரன்ஸ். பாலிசியில் வங்கியின் பெயர் ஐஎம்டி 7 என்ற குறிப்பாகத் தனியே ஏறியிருக்கும், ஆர்சியில் போனதால் அங்கே போகாது. அது இருக்கும்வரை, வண்டி திருடு போனாலோ முழுச் சேதமானாலோ இழப்பீட்டுத் தொகை முதலில் வங்கியின் பெயருக்கே போகும். டியூ எல்லாம் முடிந்த வண்டிக்கு வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற அலைய வேண்டியிருக்கும். புது ஆர்சி நகலையும் இன்சூரன்ஸுக்கென்று வாங்கிய என்ஓசியையும் கம்பெனிக்கு அனுப்பி, குறிப்பை நீக்கிய எண்டார்ஸ்மெண்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த புதுப்பித்தலில் பழைய பாலிசியைப் பார்த்து ஏஜெண்ட் மறுபடி வங்கிப் பெயரைத் தட்டிவிடுவது சாதாரணமாக நடக்கும் கூத்து, எனவே அந்த வருடம் பாலிசி வந்ததும் முதல் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.