நாடு மாறியாச்சு, ஆப் ஸ்டோர் மட்டும் இந்தியாவிலேயே நிற்கிறதா?

ஜெர்மனிக்குப் போய் வங்கிக் கணக்கும் திறந்தாகிவிட்டது. வங்கியின் ஆப்பை இறக்கப் போனால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று ஐபோன் சொல்கிறது. நீங்கள் இருப்பது மியூனிக்கில். ஆனால் உங்கள் ஆப்பிள் கணக்கு இன்னும் கோயம்புத்தூரில் இருக்கிறது.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, Settings-இல் General, அதற்குள் Language & Region என்று போய் நாட்டை மாற்றுவது. தேதி எழுதும் முறை மாறும், வெப்பநிலையும் நாணயமும் காட்டும் விதம் மாறும், கடை மாறாது. ஜெர்மன் சிம் போட்டாலும் மாறாது. ஆப் ஸ்டோர் பார்ப்பது கணக்கில் எழுதியிருக்கும் நாட்டை மட்டும்தான். அதை மாற்றும் இடம் வேறு: Settings, மேலே உங்கள் பெயர், Media & Purchases, View Account, Country/Region, Change Country or Region. கணினியில் என்றால் account.apple.com.

வழி இவ்வளவுதான். ஆனால் நேராக இங்கே வந்து அழுத்துவதுதான் அடுத்த தவறு. நாடு மாற்றுவது இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன் கணக்கில் பேலன்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும், சந்தாக்கள் ரத்தாகி அவற்றின் காலமும் முடிந்திருக்க வேண்டும், திரும்ப வரவேண்டிய பணம் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது, புதிய நாட்டில் செல்லுபடியாகும் கட்டண வழி கையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாற்ற விடாது.

பேலன்ஸ் விஷயத்தில் இந்தியக் கணக்குக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கூடுதல் சரிபார்ப்பு விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதைத் தொடர்ந்து 2022இல் இந்தியக் கணக்குகளில் டெபிட், கிரெடிட் கார்டு வாங்குவதையே ஆப்பிள் நிறுத்தியது. அப்போதிலிருந்து பலரும் யூபிஐ வழியாகக் கணக்கில் ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டுவைத்து அதிலிருந்து கழியவிட்டுப் பழகிவிட்டார்கள். அப்படிப் போட்ட பணத்தில் மிச்சம் என்று எப்போதும் ஏதோ கொஞ்சம் தங்கிக்கொண்டே இருக்கும்.

ஒருவருடைய ஆப்பிள் கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அக்டோபரில் கிளம்புகிறார். பேலன்ஸ் 43 ரூபாய். ஐகிளவுடில் 50 ஜிபி, மாதம் 75 ரூபாய். மார்ச் மாதம் வரை பணம் கட்டிய ஒரு வருடச் சந்தா. குடும்பப் பகிர்வுக் குழுவில் அப்பாதான் நிர்வாகி.

43 ரூபாயைச் செலவழிக்கச் சரியாக 43 ரூபாய்க்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். இன்னும் கொஞ்சம் பணம் போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள் திரும்பவும் ஒரு மிச்சத்தில்தான் போய் நிற்பார்கள். எதையும் வாங்கப் போதாத சில்லறைதான் மீதி என்றால், ஆப்பிள் உதவி மையத்தைத் தொடர்புகொண்டு, நாடு மாற்றப் போகிறேன், மீதியை நீக்கிவிடுங்கள் என்று சொன்னால் போதும். அந்தப் பணம் போய்விடும், அவ்வளவுதான். பேலன்ஸில் சில ஆயிரம் இருந்தால் கதை வேறு. அதை ஊரில் இருக்கும்போதே செலவழித்துவிடுவது நல்லது.

வருடச் சந்தாதான் நிஜமான முட்டுக்கட்டை. ரத்து செய்த உடனே அது மறைவதில்லை. பணம் கட்டிய காலம் முடியும்வரை நடப்பில்தான் இருக்கும். அக்டோபரில் ரத்து செய்தாலும் மார்ச் வரை நாடு மாற்ற முடியாது. reportaproblem.apple.com போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கொடுப்பது ஆப்பிளின் முடிவு. கொடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு: பேலன்ஸிலிருந்து கட்டிய பணம் பேலன்ஸுக்கே திரும்பி வரும். பூஜ்யமாக்கி வைத்த கணக்கில் மறுபடி ரூபாய் வந்து உட்காரும், மறுபடி மாற்ற முடியாது. ஆகவே சந்தாப் பணம் திரும்பி வந்த பிறகுதான் பேலன்ஸை ஒழிக்க வேண்டும், முன்னால் அல்ல. வெளிநாட்டு வேலை உறுதியான நாளிலேயே எல்லா வருடச் சந்தாக்களின் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவிட்டு, தேவைப்படுவதை மட்டும் மாதச் சந்தாவாக வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த அவஸ்தை இல்லை.

ஐகிளவுட் இடத்தையும் அதேபோல் ரத்து செய்து, அந்த மாதம் முடியவிட்டு, நாடு மாற்றி, பிறகு யூரோவில் புதிதாக வாங்க வேண்டும். இடையில் உங்களுக்கு இருப்பது இலவச 5 ஜிபிதான். படங்கள் 40 ஜிபி இருந்தால் புதிய படங்கள் மேலேறாது, பேக்கப் நின்றுவிடும், ஐகிளவுட் மின்னஞ்சல் வைத்திருந்தால் அதுவும் வராது. ஏற்கெனவே மேலே இருப்பது அன்றைக்கே அழிந்துவிடாது என்றாலும், அதை நம்பி வாரக்கணக்கில் விட்டுவைப்பது சரியில்லை. போனை ஒருமுறை கணினியில் முழுதாக பேக்கப் எடுத்துவிட்டு, இடம் காலாவதியாகும் நாளில் ஜெர்மன் கார்டும் முகவரியும் கையில் இருக்குமாறு திட்டமிட்டால் இடைவெளி ஒன்றிரண்டு நாளோடு முடியும்.

அந்தக் கார்டு இல்லாமல் அவசரப்படுவதும் வழக்கமான தவறுதான். இந்திய வங்கிக் கார்டில் "சர்வதேசப் பரிவர்த்தனை" திறந்திருந்தாலும் ஜெர்மன் கணக்குக்கு அது கட்டண வழி ஆகாது. கிஃப்ட் கார்டும் அப்படியே: மியூனிக் கடையில் வாங்கிய யூரோ கார்டு இந்தியக் கணக்கில் ஏறாது, ஊரிலிருந்து அனுப்பிய ரூபாய்க் கார்டு ஜெர்மன் கணக்கில் ஏறாது.

அப்பா நிர்வாகியாக இருக்கும் குடும்பக் குழுவிலிருந்து மகன் வெளியே வர வேண்டியிருக்கும், ஏனென்றால் குழுவில் எல்லோருக்கும் ஒரே நாட்டுக் கணக்கு வேண்டும். வெளியே வந்தால் பகிர்ந்துகொண்ட சந்தாக்களும் இடமும் போகும். அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒருநாள் குழுவில் பிள்ளை பெயரைக் காணோம் என்று போன் வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, மார்ச் வரை பொறுக்க முடியாது, வங்கி ஆப் இன்றைக்கே வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ஐபோனில் ஐகிளவுடுக்கு ஒரு கணக்கும் கடைக்கு இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்ளலாம். வேறொரு மின்னஞ்சலில், நாடு ஜெர்மனி என்று குறித்து, புதிய ஆப்பிள் கணக்கு ஒன்று தொடங்குங்கள். பிறகு உங்கள் பெயரைத் தொட்டு, Media & Purchases-இல் மட்டும் Sign Out செய்து, புதிய கணக்கில் நுழையுங்கள். படம், தொடர்பு எண்கள், பேக்கப் எல்லாம் பழைய கணக்கிலேயே இருக்கும். கடை மட்டும் ஜெர்மனிக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த Sign Out என்பது. அதே பக்கத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் இருப்பதை அழுத்தினால் ஐகிளவுடிலிருந்தே வெளியேறிவிடுவீர்கள். ஐகிளவுட் தரவுகள் போனிலிருந்து நீங்கும். அதை மட்டும் தொடாதீர்கள். பழைய கணக்கில் இறக்கிய இந்திய ஆப்கள் அப்படியே ஓடும், புதுப்பிக்கும்போது சில சமயம் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு என்று தாவிக்கொண்டிருக்கவும் கூடாது. ஒரு கணக்கின் பழைய வாங்கல்களை இறக்கினாலோ தானியங்கிப் பதிவிறக்கத்தை இயக்கினாலோ, அந்தப் போன் அந்தக் கணக்கோடு 90 நாளுக்குக் கட்டிப்போடப்படும். அதுவரை மற்றக் கணக்கின் பழைய வாங்கல்களை அதில் இறக்க முடியாது.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் போகிறவர்களுக்கு இந்த இரண்டு கணக்கு ஏற்பாடே போதும். ஊர்ப் பக்க ஆப்கள் சில ஜெர்மன் கடையில் இல்லாமல் போகலாம். நாட்டை மாற்றிவிட்டால் அவற்றைப் புதுப்பிக்கவோ திரும்ப இறக்கவோ முடியாது. நிரந்தரமாகக் குடியேறுகிறவர்கள் பொறுமையாக ஒரே கணக்கை மாற்றிக்கொள்ளட்டும். பிற்பாடு இரண்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்: ஒரு கணக்கின் வாங்கல்களை இன்னொன்றுக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் ஆப்பிள் கொண்டுவந்தபோது இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அதைத் தரவில்லை.

எந்த வழியில் போனாலும், இந்திய சிம்மைக் கைவிடும் முன் புதிய எண்ணைக் கணக்கின் நம்பகமான எண்ணாகச் சேர்த்துவிடுங்கள். Settings-இல் உங்கள் பெயர், Sign-In & Security, அதற்குள் Two-Factor Authentication. ரீசார்ஜ் செய்யாத எண் சில மாதத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதன் பிறகு கணக்கில் நுழைவதற்கான குறியீடும் அவருக்குத்தான் போகும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை குறைவு, ஆனால் தவறினால் காத்திருப்பு நீளம். கூகுள் பிளேயில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு Settings, General, Account and device preferences, Country and profiles என்று போனால் புதிய நாடு தெரியும். தெரியவில்லை என்றால், பெரும்பாலும் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும். கூகுள் உங்களை இன்னும் இந்தியாவில் பார்க்கிறது. புதிய நாட்டில் நீங்கள் உண்மையில் இருக்க வேண்டும், அந்த நாட்டுக் கட்டண வழியும் வேண்டும். மாற்றிய பிறகு கடை முழுதாக மாற 48 மணி நேரம் வரை ஆகலாம். அன்று மாலையே மாறவில்லையே என்று திரும்பத் திரும்ப நோண்ட வேண்டாம்.

பழைய கட்டண விவரத்தில் முகவரியை மட்டும் திருத்தி நாட்டை மாற்றிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. கூகுளில் ஒரு கட்டண விவரத்தின் நாடு தொடங்கியபோது எதுவோ அதுதான். புதிய நாட்டுக்குப் புதிய விவரம் தொடங்க வேண்டும். பழைய ரூபாய் பேலன்ஸ் அழியாது, ஆனால் ஜெர்மனியில் பயன்படாது. மறுபடி இந்தியாவுக்கு மாறினால்தான் செலவழிக்கலாம். அப்படி மாறுவதும் வருடத்துக்கு ஒருமுறைதான். இரண்டு வாரச் சுற்றுலாவில் ஒரு ஆப்புக்காக நாட்டை மாற்றிவிட்டு ஊர் திரும்பினால், அடுத்த ஒரு வருடம் அந்தக் கடையில்தான் இருக்க வேண்டும்.