டைல் சூளை அட்டவணையைத் தமிழில் எழுதுவது எப்படி

கரிகிரி பக்கம், வேலூரைச் சுற்றி, சின்ன மின்சூளையில் டைல் சுடத் தொடங்குகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஆங்கில அட்டவணைதான் இருக்கும். அதைச் சூளையருகே நிற்பவர் படித்ததும் வேலையைத் தொடங்கும்படி தமிழில் எழுத வேண்டும்.

முதலில் ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: மணிக்கு எத்தனை டிகிரி ஏற வேண்டும், எதுவரை ஏற வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். "ராம்ப் 60, 95, சோக் 2" என்று இருந்தால் 60 என்பது வேகம். அதைச் சேரவேண்டிய சூடு என்று எழுதிவிட்டால் அட்டவணையே தலைகீழ். சோக் என்பதை "ஊறவை" என்று எழுதாதீர்கள், யாராவது தண்ணீரைத் தேடுவார்கள். "அதே சூட்டில் நிறுத்து" என்பது போதும்.

அப்புறம் முழு வாக்கியமாக எழுதுங்கள். பிஸ்க், அதாவது பூச்சு இல்லாத முதல் சுடுதல், ஒரு மாதிரிக்கு:

மணிக்கு 60 டிகிரி வேகத்தில் 95 வரை ஏற்று, 2 மணி நேரம் நிறுத்து. (மண்ணிலுள்ள ஈரம் நீராவியாகி டைலை வெடிக்க விடாமல், மெதுவாக வெளியேறத்தான் இது.)
மணிக்கு 100 டிகிரி வேகத்தில் 600 வரை ஏற்று.
மணிக்கு 150 டிகிரி வேகத்தில் 1000 வரை ஏற்று, 15 நிமிடம் நிறுத்து.

எழுதியதும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 35 டிகிரியில் தொடங்கினால் 1 மணி, 2 மணி, சுமார் 5 மணி, 2 மணி 40 நிமிடம், 15 நிமிடம். மொத்தம் கிட்டத்தட்ட 11 மணி நேரம். மூல அட்டவணை சொல்லும் நேரத்தோடு இது ஒத்துப்போகாவிட்டால், எங்கோ வேகத்தையும் சூட்டையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு பூசியபின் செய்யும் சுடுதலையும் இப்படியே எழுதலாம், ஆனால் ஆறும் பகுதியை விட்டுவிடாதீர்கள், பலரும் அங்கேதான் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். கூலிங் கர்வ் என்பதை "ஆறும் வேகம்" என்று தலைப்பிட்டு, "650 முதல் 500 வரை மணிக்கு 50 டிகிரி மட்டும் இறங்கட்டும்" என்று எழுதுங்கள். 573 டிகிரி வாக்கில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், டைலின் ஓரம் ஒரு சூட்டிலும் நடு வேறொரு சூட்டிலும் இருந்தால் விரிசல் விழும். "நேச்சுரல் கூல்" என்றிருந்தால் "கதவைத் திறக்காமல் தானாக ஆறவிடு, 100 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் திற" என்பதுதான் சரி. வெறுமனே "இயற்கையாகக் குளிர்வி" என்று போட்டால் காற்றாடக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

அட்டவணையின் அடியில் இதையும் சேருங்கள்: கிளேஸ் சுட்ட டைலில் விரிசல் இருந்தால் அதன் விளிம்பைத் தடவிப் பார். கூர்மையாக இருந்தால் ஆறும்போது விழுந்தது, ஆறும் வேகத்தைக் குறை. கிளேஸ் உருகி விளிம்பு மழுங்கியிருந்தால் சூடேறும்போதோ அதற்கு முன்போ விழுந்தது, ஏறும் வேகத்தையும் பிஸ்க் டைலையும் சோதி.