ஃபாஸ்டேக்கில் கட்டணம் இருமுறை பிடிக்கப்பட்டால்

காரைக்குடியிலிருந்து காரில் திருச்சிக்குப் போகும் ஒருவருக்கு, ஒரே சுங்கச்சாவடியின் பெயரில் 60 ரூபாய் இரண்டு முறை பிடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புகார் அளிக்கும் முன், டேக் வழங்கிய வங்கியின் செயலியில் கணக்கு அறிக்கையைத் திறந்து, Reader Read Time என்ற பத்தியில் உள்ள நேரத்தைப் பார்க்க வேண்டும். அதுவே வண்டி சாவடியைக் கடந்த நேரம். பணம் பிடித்த நேரம் அதற்குப் பல மணி நேரம் பிந்தியும் இருக்கலாம் என்பதால், இரண்டாவது பிடித்தம் முந்தைய நாள் பயணத்துக்குரியதாகவும் இருக்கக்கூடும். 24 மணி நேரத்துக்குள் திரும்பியிருந்தால், பிடிக்கப்படும் பாதிக் கட்டணமான 30 ரூபாய் முறையானதே.

ஒருமுறை மட்டுமே கடந்திருக்க, இரு பதிவுகளின் நேரமும் ஒன்றாகவோ சில நிமிட இடைவெளியிலோ இருந்தால், அது தவறான பிடித்தம்தான். இரண்டு பரிவர்த்தனை எண்களையும் குறித்துக்கொண்டு அந்த வங்கியிலேயே புகாரைப் பதிந்து, புகார் எண்ணைத் தவறாமல் வாங்க வேண்டும். சாவடி ஊழியரிடம் வாதிடுவதில் பயனில்லை, ஏனெனில் சாவடியின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது டேக் வழங்கிய வங்கியின் வேலை. ரொக்கமும் செலுத்தியிருந்தால் அந்த ரசீதையும், காருக்கு லாரிக் கட்டணம் பிடித்திருந்தால் பதிவுச் சான்றிதழையும் வண்டி எண் தெரியும் படத்தையும் இணைக்க வேண்டும். வங்கி அசையாவிட்டால், தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைக்கலாம்.