உத்யம் பதிவில் தொழில் குறியீட்டைத் தப்பாகப் போட்டால் எங்கே இடிக்கும்?

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. ஆதார் எண்ணைப் போட்டு, ஓடிபி வந்து, பான் சரிபார்த்து, கேட்பதை நிரப்பினால் சான்றிதழ் வந்துவிடும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டாம், கட்டணமும் கிடையாது (பணம் கேட்டால் அது udyamregistration.gov.in இல்லை, ஏதோ ஒரு தனியார் தளம்). சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாம் சொல்வதை அது பெரும்பாலும் அப்படியே வாங்கிக்கொள்ளும், தப்பு இருந்தால் பல மாதம் கழித்து வங்கியிலோ, பாக்கி வைத்த கம்பெனியோடு மல்லுக்கட்டும்போதோதான் தெரியவரும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். விருதுநகர் பக்கம் ஒரு பெண்மணி மிளகாய், மல்லி வாங்கி வறுத்து அரைத்து, பாக்கெட் போட்டு சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கொடுக்கிறார். கம்ப்யூட்டர் சென்டர்காரர் "என்ன பண்றீங்க?" என்று கேட்க, இவர் "மசாலா விக்கிறேன்" என்று சொல்லியிருப்பார். அவரும் Services, அதற்குள் Trading என்று தட்டிவிட்டு, 47-இல் தொடங்கும் சில்லறை வியாபாரக் குறியீடு ஒன்றைப் போட்டு முடித்துவிடுவார். சான்றிதழ் வரும், அதில் குறு நிறுவனம் என்றுகூட இருக்கும்.

ஆனால் வியாபாரிகளுக்கு இந்தப் பதிவால் கிடைப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் மட்டும்தான். 2021 ஜூலையில் அவர்களை மறுபடி சேர்த்துக்கொண்டபோதே அரசு இப்படித்தான் வரம்பு கட்டியது. தயாரிப்பாளராகப் பதிந்திருந்தால், வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், ஒப்பந்தத்தில் 60 நாள் என்று எழுதியிருந்தாலும் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி கேட்கலாம். வியாபாரி என்று பதிந்த அந்தப் பெண்மணிக்கு இது எதுவும் கிடைக்காது. பணம் வராத அன்றைக்குத்தான் அவருக்கே இது தெரியும்.

அவர் போட்டிருக்க வேண்டியது Manufacturing, குறியீடு 10795, அதாவது மசாலாப் பொருள் அரைத்துப் பதப்படுத்துதல். கூடவே வேறு கம்பெனி எண்ணெயும் வாங்கி விற்கிறார் என்றால் அதற்கான குறியீட்டையும் அதே பதிவில் சேர்த்துக்கொள்ளலாம், எத்தனை தொழில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். இன்னொரு தொழிலுக்கு இன்னொரு உத்யம் என்பது மட்டும் கிடையாது. ஒரு பான் என்றால் ஒரு நிறுவனம், அந்த பானில் உள்ள எல்லா ஜிஎஸ்டி எண்களின் விற்பனையும் முதலீடும் ஒன்றாகத்தான் சேரும்.

அடுத்தது முதலீடு. நிறையப் பேர் ஷெட் கட்டிய செலவு, கடை அட்வான்ஸ், அலமாரி, மேசை எல்லாவற்றையும் கூட்டிப் போடுகிறார்கள். நிலம், கட்டடம், மேசை நாற்காலி எதுவும் கணக்கில் வராது. அந்தப் பெண்மணிக்கு அரவை இயந்திரம் 3,20,000, வறுக்கும் இயந்திரம் 1,40,000, பாக்கெட் போடும் இயந்திரம் 90,000 என்றால், ஜிஎஸ்டி நீக்கி மொத்தம் 5,50,000 ரூபாய். இன்னும் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத புது நிறுவனம் என்றால் இந்தத் தொகைதான். தாக்கல் செய்தவர் என்றால் கணக்கில் வருவது தேய்மானம் போன மதிப்பு, முழு வருடம் 15 சதவீதம் கழித்தால் 4,67,500. இந்தக் கட்டத்தை லட்சத்தில் நினைத்துக்கொண்டு "5.5" என்று அடித்துவிடாதீர்கள், முழு ரூபாயில்தான் போட வேண்டும். விற்பனைத் தொகையில் ஏற்றுமதி இருந்தால் அது கழியும்.

2025 ஏப்ரல் முதல் குறு நிறுவனத்தின் உச்சவரம்பு முதலீட்டில் 2.5 கோடி, விற்பனையில் 10 கோடி. இரண்டில் ஏதாவது ஒன்று தாண்டினாலே அடுத்த வகைக்குப் போய்விடுவீர்கள், இந்த அளவுத் தொழிலுக்கு அந்தக் கவலை வராது. ஆனாலும் வங்கிக் கடனுக்காக விற்பனையை ஏற்றிச் சொல்லுவது வேண்டாம், தளம் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளோடு இணைந்திருக்கிறது, பிறகு எண் ஒத்துப்போகாது.

பெயர் விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்குத்தான் தொல்லை அதிகம். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும், பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆதார் கட்டத்தில் ஆதாரில் உள்ளபடி, பான் கட்டத்தில் பானில் உள்ளபடி எழுத வேண்டும், இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். கூட்டு நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பான், அதன் நாலாவது எழுத்து F. தனிநபர் பான் என்றால் P. ஜிஎஸ்டி எண்ணின் மூன்றாவது எழுத்திலிருந்து பன்னிரண்டாவது வரை உங்கள் பானேதான் இருக்கும். அப்படி இல்லையென்றால் அது வேறு யாருடையதோ. ஜிஎஸ்டி எடுக்கத் தேவையில்லாத அளவு தொழில் என்றால் Exempted என்று தேர்ந்தெடுங்கள், கணவருடைய எண்ணையோ அண்ணனுடையதையோ இரவல் வாங்காதீர்கள்.

குறியீடு தப்பாகப் போய்விட்டதா, புதிதாகப் பதிவு செய்யப் போகாதீர்கள். அதே தளத்தில் Update/Cancel பகுதியில் உத்யம் எண்ணும் பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியும் போட்டு உள்ளே போனால் தொழில் விவரத்தைத் திருத்திக்கொள்ளலாம், அதற்கும் காசு இல்லை. சென்டர்காரர் தன் மொபைல் எண்ணைப் போட்டிருந்தால் மட்டும் முதலில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.