வலி நின்ற நாளில் ஆயின்மென்டை நிறுத்துவது: ஆறாத ஆசனவாய் வெடிப்பில் நடக்கும் தவறுகள்

பாலக்கோட்டிலிருந்து சென்னைக்குத் தக்காளி லோடு அடிக்கும் டிரைவர் ஒருவர், வயது 36, தர்மபுரியில் என்னிடம் வந்தபோது உட்காரவே இல்லை. நின்றபடியே ஒரு பிளாஸ்டிக் கவரை மேசையில் வைத்தார். உள்ளே நான்கு ஆயின்மென்ட் ட்யூப்கள், எல்லாம் பாதி பிதுக்கியவை. "அஞ்சு மாசமா மூலம் சார். எதைப் போட்டாலும் பத்து நாள்தான் கேக்குது" என்றார்.

அவருக்கு இருந்தது மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு. அவர் சொன்ன அறிகுறிகளே அதைக் காட்டின. வெளிக்குப் போகும்போது கண்ணாடித் துண்டு கிழிப்பது போன்ற வலி, போய் வந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் எரிச்சல், மலத்தின் மேல் கோடு போட்டதுபோல் ரத்தம். மூலத்தில் பெரும்பாலும் ரத்தம் வரும், இப்படி வலிக்காது. "வெளியே கட்டி இருக்கே சார்" என்று கேட்டார். நாட்பட்ட வெடிப்பின் கீழ்நுனியில் தோல் தடித்து இப்படித் தொங்கும். அதைத்தான் பலர் மூலக்கட்டி என்று நினைக்கிறார்கள். அதை மட்டும் வெட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. தோல் போய்விடும், வெடிப்பு அப்படியே இருக்கும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் மருந்தும் தப்பாகிறது. அவர் கொண்டுவந்த நான்கில் இரண்டு, மெடிக்கலில் 'மூலத்துக்கு' என்று கேட்டால் எடுத்துத் தரும் வகை: மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்னும் ஸ்டீராய்டும் கலந்தவை. போட்டதும் இதமாக இருக்கும். ஆனால் வெடிப்பு ஆறாமல் இருப்பதற்கான காரணத்தை அவை தொடுவதில்லை. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தடவினால் அந்த இடத்துத் தோல் இன்னும் மெலிந்துபோகும்.

காரணம் தசை. ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. வெளித்தசையை நாமே இறுக்கலாம், விடலாம். உள்தசை நம் பேச்சைக் கேட்காது. இறுகிய மலம் கிழித்ததும் அந்த உள்தசை வலியில் சுருங்கிக்கொள்கிறது. சுருங்கினால் ரத்த ஓட்டம் குறையும். பெரும்பாலான வெடிப்புகள் வரும் பின்பக்க நடுக்கோட்டில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. ரத்தம் வராத புண் ஆறாது. ஆறாத புண் மறுபடி வலிக்கும். வலித்தால் தசை மறுபடி இறுகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் இது ஓடிவிட்டால் நாட்பட்ட வெடிப்பு என்கிறோம். டிரைவருக்கு நான் விரலை உள்ளே விட்டுப் பார்க்கவில்லை, அந்த வலியில் தேவையும் இல்லை. இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கியதுமே புண்ணின் அடியில் வெள்ளை இழைகளாக உள்தசையே தெரிந்தது.

ஆகவே தேவை தசையைத் தளர்த்தும் ஆயின்மென்ட். அவருக்கு 2 சதவீத டில்டியாசெம் எழுதினேன். காலை, இரவு இரண்டு வேளை, பட்டாணி அளவு, எட்டு வாரம். ட்யூபின் மூக்கை உள்ளே ஆழமாகச் செருகுகிறவர்கள் உண்டு. அது புண்ணைக் குத்தும். விரல் நுனியில் எடுத்து விளிம்பைச் சுற்றியும் விளிம்புக்குச் சற்று உள்ளேயும் தடவினால் போதும். பிறகு கையைக் கழுவ வேண்டும். நைட்ரோகிளிசரின் ஆயின்மென்ட்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பலருக்குத் தலைவலி வரும். ஆண்மைக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை போடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். இதை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இருப்பதால் நானாகவே கேட்டுவிடுவேன்.

கூடவே இரவில் இரண்டு டீஸ்பூன் இசப்கோல், ஒரு முழு டம்ளர் தண்ணீருடன். இங்கும் ஒரு தவறு நடக்கிறது. இசப்கோலைக் குடித்துவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் மலம் இன்னும் கெட்டியாகும். இந்த டிரைவர் இரவில் வண்டியை நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. மலம் வந்தாலும் அடக்கிக்கொள்வார். வலிக்குப் பயந்து சாப்பாட்டையும் குறைத்திருந்தார். வீட்டில் களியும் கீரையும் சாப்பிட்டவர், ரோட்டில் பரோட்டாவும் டீயுமாக இருந்திருக்கிறார். வெளிக்குப் போனதும் பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது தசையைத் தளர்த்தும். அதில் உப்போ டெட்டாலோ கலக்கத் தேவையில்லை, டெட்டால் எரிச்சலைத்தான் கூட்டும்.

நான்காவது வாரம் வலி நின்றது. அவர் ஆயின்மென்டையும் நிறுத்தினார். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். தசை தளர்ந்ததும் வலி போய்விடும்; புண் மூடுவதற்கு இன்னும் வாரங்கள் ஆகும். 30 கிராம் ட்யூப் காலியானால் வைத்தியம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கிழிந்தது. மீண்டும் தொடங்கி முழு எட்டு வாரம் போட்டார், இந்த முறை ஒழுங்காக. வலி பாதியானது, புண் மூடவில்லை. இப்படியும் நடக்கும். நாட்பட்ட வெடிப்பில் இந்த ஆயின்மென்ட்டுகள் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் வேலை செய்கின்றன.

அடுத்தபடியாக போடாக்ஸ் ஊசி. உள்தசையில் போட்டால் ஏறக்குறைய மூன்று மாதம் தளர்ந்திருக்கும், அதற்குள் புண் ஆறலாம். விலை அதிகம், திரும்ப வருவதும் உண்டு. அவர் ஒரே தடவையில் முடிக்கவே விரும்பினார். அவருக்குத் தசையும் நன்றாக இறுகியிருந்தது, மலத்தை அடக்குவதில் எந்தக் குறையும் இல்லை. அதனால் அறுவை சிகிச்சையைச் சொன்னேன்: வெடிப்பு இருக்கும் இடத்தில் அல்ல, பக்கவாட்டில் உள்தசையின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிவிடுவது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறிவிடும். மயக்கம் கொடுத்து விரல்களால் விரித்துவிடும் பழைய முறை இப்போதும் சில இடங்களில் நடக்கிறது. தசை எங்கே, எவ்வளவு கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எல்லோருக்கும் இந்த வெட்டு சரிவராது. அதே வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்தார். இரண்டு சுகப்பிரசவம், இரண்டாவதில் ஆழமாகக் கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் வெடிப்பில் தசை இறுக்கமாக இல்லாமலே இருக்கலாம். அங்கே தசையை வெட்டினால் காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகும் ஆபத்து அதிகம். அவருக்குப் புண்ணின் மேல் பக்கத்துத் தோலை நகர்த்தித் தைக்கும் முறையைப் பரிந்துரைத்தேன். வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, பல இடத்தில் இருந்தாலோ, கூடவே சீழ், காய்ச்சல், எடை குறைவு இருந்தாலோ வெட்டுவதற்கு முன் காசநோய், குடல் அழற்சியான கிரோன் நோய், புற்றுநோய் எதுவும் இல்லையா என்று சோதித்தே ஆக வேண்டும்.

டிரைவர் மறுநாளே வீட்டுக்குப் போனார். நான்காம் நாள் வலியில்லாமல் வெளிக்குப் போனதாக போன் செய்தார். மூன்றாவது வாரம் நேரில் வந்து, மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "காத்து மட்டும் அடக்க முடியல சார்" என்று மெதுவாகச் சொன்னார். இது நடக்கலாம், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அடுத்த மாதம் வந்தபோது அதுவும் நின்றிருந்தது. அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.