சைட் டைரியில் கான்கிரீட் நாள்

சிவில் இன்டர்ன்கள் டைரியில் 'இன்று ஸ்லாப் கான்கிரீட்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த கிரிட், எந்தத் தளம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஸ்லம்ப், கியூப் எண்கள், இடையில் மழை பெய்ததா என்பதையும் அன்றே பேனாவால் எழுதுங்கள்.

முட்டு பிரிக்கும் நாளை இந்தத் தேதிதான் சொல்லும். IS 456 படி, சாதா ஓபிசி சிமென்டில் 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபுக்குக் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். பிபிசி என்றால் இன்னும் கூடும். 5 மீட்டர் ஸ்லாபை 3ஆம் தேதி போட்டால், 17க்கு முன் முட்டில் கை வைக்கக் கூடாது. மேஸ்திரி அவசரப்படுத்தினால் டைரியைக் காட்டி இன்ஜினியரிடம் கேளுங்கள்.

அப்புறம், கான்கிரீட் போடும்போதும் முட்டு பிரிக்கும்போதும், ஹெல்மெட் இருந்தாலும் அடியில் நிற்காதீர்கள்.