கம்யூடேஷன் காசுக்கு வரி இல்லைன்னு மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க

பழைய பென்ஷன் திட்டத்துல இருக்கற சென்ட்ரல் கவர்மென்ட் ஆளுங்க ரிட்டயர் ஆகும்போது பென்ஷன்ல 40 சதவீதம் வரைக்கும் கம்யூட் பண்ணலாம், அதாவது அந்தப் பங்க விட்டுக்கொடுத்துட்டு பதிலுக்கு மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கலாம். ஏன் பண்றீங்கன்னு கேட்டா நிறைய பேர் சொல்றது, மொத்தமா வர்ற காசுக்கு வரி இல்லையே, மாசாமாசம் வர்ற பென்ஷனுக்கு வரி இருக்கேன்னு. அரசு ஊழியருக்கு அந்தத் தொகை முழுக்க வரி விலக்குதான், ஆனா நீங்க விட்டுக்கொடுக்கற பென்ஷனுக்கு நிஜமாவே வரி வந்திருக்குமான்னு யாரும் கணக்கு போடறதில்ல.

பேசிக் பென்ஷன் 40,000னு வைங்க. 40 சதவீதம் 16,000. மொத்தத் தொகைய கணக்கு போட வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு பேக்டர் உண்டு, 60 வயசுல ரிட்டயர் ஆனா அது 8.194, அதனால 16,000 x 12 x 8.194, சுமார் 15.73 லட்சம் கைக்கு வரும். பதிலுக்கு 15 வருஷம் மாசம் 16,000 பிடிப்பாங்க, மொத்தம் 28.80 லட்சம். கடன் மாதிரி பார்த்தா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 9 சதவீத வட்டி.

இப்ப வரிக்கு வாங்க. கம்யூட் பண்ணாம விட்டா, விலைவாசிக்காக பென்ஷனோட வர்ற டிஆர் 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீதம், அதையும் சேர்த்து மாசம் 63,200, வருஷத்துக்கு 7.6 லட்சம் கிட்ட. 2025-26 நிதியாண்டுல புது வரி ரெஜிம்ல ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரைக்கும் பென்ஷனுக்கு வரியே கிடையாது. வேற வருமானம் பெருசா இல்லைன்னா இவருக்கு மிச்சமாகற வரி பூஜ்யம், அப்புறம் அந்த 15.73 லட்சத்த பேங்க் எப்டில போட்டா வர்ற வட்டி வருமானத்துல சேரும், அதுவும் 9 சதவீதம் எந்த பேங்க்ல சுலபமா கிடைக்குது சொல்லுங்க. 20 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு கதை வேற, அவர் இழக்கறது வரி போக 12,800தான், அதனால வட்டி 5.4 சதவீதம் கிட்ட இறங்கிடும், அவர் கம்யூட் பண்றதுல அர்த்தம் இருக்கு. அதிக வட்டிக் கடன் இருக்கறவங்களும், உடம்பு சரியில்லாதவங்களும் எடுக்கலாம், ஏன்னா பென்ஷனர் நடுவுல இறந்துட்டா மீதிய குடும்பத்துகிட்ட பிடிக்கமாட்டாங்க, பேமிலி பென்ஷனும் குறையாது.

இன்னொரு பயம், கம்யூட் பண்ணா டிஆரும் குறையும்னு. குறையாது, முழு 40,000க்கும் டிஆர் வரும். 15 வருஷம் முடிஞ்சதும் அந்த 16,000 திரும்ப சேரணும், சேரலைன்னா பேங்க்ல எழுதிக் கேளுங்க.

பிரைவேட் கம்பெனி பென்ஷன்காரங்க "முழுசும் வரி இல்ல"ன்னு கேட்டுட்டு அப்படியே ரிட்டர்ன் போட்டுடாதீங்க. கிராஜுவிட்டி வாங்கியிருந்தா முழு பென்ஷனையும் கம்யூட் பண்ணா வரக்கூடிய தொகையில மூணுல ஒரு பங்குக்குதான் விலக்கு, வாங்கலைன்னா பாதிக்கு. பாதி பென்ஷன கம்யூட் பண்ணி 9 லட்சம் வந்ததுன்னா முழு மதிப்பு 18 லட்சம், கிராஜுவிட்டி வாங்கினவருக்கு விலக்கு 6 லட்சம், மீதி 3 லட்சம் சம்பள வருமானமா வரிக்கு வரும். நிறைய பேர் 9 லட்சத்துலயே மூணுல ஒரு பங்கு பார்த்து 3 லட்சம்தான் விலக்குன்னு போட்டு தேவையில்லாம வரி கட்டிடறாங்க.